இன்னைக்குக் கடை திறந்தாச்சு ☕

திண்டுக்கல் நாகல்நகர்ல, பத்துக்குப் பன்னெண்டு அடியில ஒரு காப்பித்தூள் கடை. போட்டோவுல மாலை போட்டு நிக்கிறது அஞ்சு கிலோ வறுக்கிற மிஷின். அதுக்குப் பக்கத்துல, குங்குமப் பொட்டோட இருக்கிறது அரைவை மிஷின். குத்துவிளக்கு ஏத்துறது அம்மா. மேல போர்டு இல்லையேன்னு பார்க்காதீங்க, எழுதுறவர் அடுத்த வாரம் தர்றேன்னு சொல்லியிருக்கார்.

கொட்டை பெரும்பாலும் கீழ்ப்பழனி மலையில இருந்து வருது, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம். இப்போதைக்கு மூணு வகைதான்: பீபெரி, பிளான்டேஷன் ஏ, கொஞ்சம் ரொபஸ்டா. நிறைய வகை வச்சா நிறைய நாள் தேங்கும், தேங்கினா வாசம் போயிடும். ரொபஸ்டாவை மட்டமா நினைக்க வேண்டாம். டிகாக்‌ஷன் திக்கா, கொஞ்சம் கசப்போட வேணும்னு கேக்கிறவங்களுக்கு அதுல கால் பங்கு கலந்தாத்தான் பிடிக்கும்.

அஞ்சு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தா நாலு கிலோவுக்குச் சொச்சம்தான் நிக்கும், ஈரம் போயிடுது இல்லையா. வறுத்த அன்னைக்கே அரைக்க மாட்டோம், மறுநாள்தான். சூட்டோட அரைச்ச தூள்ல காத்து அடைஞ்சிருக்கும். வெந்நீர் ஊத்தினதும் பொங்கி மேல வந்துடும், தண்ணி சரியா இறங்காது. அதனால "இப்பவே வறுத்துக் குடுங்க"ன்னு கேட்டா ஒரு நாள் பொறுக்கச் சொல்லுவோம், கோவிச்சுக்காதீங்க.

சிக்கரி வேணுமா வேணாமா, எவ்வளவுங்கிறது உங்க இஷ்டம். சுத்தக் காப்பி, 80:20, 70:30 மூணும் இருக்கு. எந்த விகிதமோ அதைப் பாக்கெட் மேலேயே எழுதித் தருவோம். சிக்கரி நிறமும் திக்கும் குடுக்கும். ஆனா ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும், மூடி சரியா இல்லைன்னா கட்டி தட்டும். ஃபிரிட்ஜில வைக்காதீங்க, எடுத்து எடுத்து வைக்கும்போது உள்ள வேர்க்கும். காத்துப் புகாத எவர்சில்வர் டப்பா, அடுப்புக்குத் தள்ளி, பெருங்காயத்துக்கு இன்னும் தள்ளி. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு 100 கிராம் வாங்கினாப் போதும். ஒரு கிலோ வித்தா எங்களுக்கு லாபம்தான், ஆனா பதினஞ்சு நாள் தாண்டினா ருசி இறங்கிடும்.

காலையில இருந்து வந்தவங்க அதிகமாக் கேட்டது, டிகாக்‌ஷன் ஏன் இறங்க மாட்டேங்குதுன்னுதான். முக்கால்வாசி நேரம் தூளை அழுத்திடுறதுதான் காரணம். குடைமாதிரி இருக்கிற தட்டைச் சும்மா மேல வச்சாப் போதும். மூணு குவிச்ச ஸ்பூன் தூளுக்கு 150 மில்லி தண்ணி. கொதி அடங்கினதும் முதல்ல தூள் நனையிற அளவுக்கு மட்டும் ஊத்தி அரை நிமிஷம் விட்டு, அப்புறம் மீதியை ஊத்துங்க. இருபது நிமிஷத்துக்குள்ள இறங்கிடணும். அப்பவும் சொட்டலைன்னா ஓட்டை அடைச்சிருக்கும். மேல் பாத்திரத்தைக் கழுவித் துடைச்சு, இடுக்கியால பிடிச்சு, அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில காட்டுங்க. அடைப்பு கருகி, ஆறினதும் தட்டினா உதிரும். தண்ணி மாதிரி சரசரன்னு இறங்கினா அரைவை பெருசா போச்சுன்னு அர்த்தம். அது எங்க தப்பு. தூளைக் கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்.

இதெல்லாம் அமைஞ்சதுக்கு நன்றி சொல்லியாகணும். அட்வான்ஸைத் தவணையா வாங்கிக்கிட்ட கட்டட உரிமையாளர் ஐயாவுக்கு. மூணு ஃபேஸ் லைன் இழுத்து, எர்த் சரியா இருக்கான்னு திரும்பத் திரும்பப் பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. புகைக்குழாயை அக்கம்பக்கத்து ஜன்னலுக்கு மேல போற மாதிரி உசத்தி வைக்கச் சொன்ன மாடி வீட்டு அக்காவுக்கு, அது எங்களுக்குத் தோணவே இல்லை. கடனுக்குக் கொட்டை குடுத்த தோட்டக்காரருக்கு. விடியக்காலையில கோலம் போட்டுக் குடுத்த பக்கத்துத் தையல்கடைச் சித்திக்கு.

ரெண்டு பேர்தான் கடையில. கூட்டமா வந்தா கொஞ்சம் நிக்க வேண்டி வரும். அரைவைத் தட்டு சூடேறினா நிறுத்தி ஆறவிட்டுத்தான் அடுத்தது போடுவோம், சூட்டுல அரைஞ்சா மணம் பறந்துடும். கரண்ட் போச்சுன்னா வறுத்த கொட்டை மட்டும்தான் தர முடியும், இந்த மோட்டாரை இன்வெர்ட்டர் இழுக்காது. கொட்டை விலை ஏறி இறங்குறதால அன்னன்னைக்கு விலை வாசல் கரும்பலகையில இருக்கும்.

காலை 7 முதல் ராத்திரி 8:30 வரை, ஞாயித்துக்கிழமை மதியம் 1 மணி வரை. இந்த வாரம் முழுக்க ஒரு சின்ன டம்ளர் காப்பி எங்க கணக்கு. குடிச்சுப் பார்த்துட்டு கசப்பு கூடவா, சிக்கரி கூடவான்னு நேராவே சொல்லுங்க. கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு நோட்டு வச்சிருக்கோம். உங்க வீட்டு விகிதத்தை அதுல எழுதி வச்சுட்டா, அடுத்த தடவை பேர் சொன்னாலே போதும் 🙏

#திண்டுக்கல் #ஃபில்டர்காப்பி #காப்பித்தூள்