சல்லடையை எங்கே வைப்பது? அனைவருக்குமான உதவியும் ஏழைகளுக்கு மட்டுமான உதவியும்

"கோடீஸ்வரன் வீட்டுக் குழந்தைக்கும் எதற்கு உதவித்தொகை?" அனைவருக்கும் தரும் நலத்திட்டம் எது வந்தாலும் முதலில் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். ஆனால் அது அரசின் கொடுக்கும் கையை மட்டும் பார்க்கிறது, வரி வாங்கும் கையைப் பார்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. ஐந்து ஏழை, ஐந்து வசதியானவை. முதல் வழியில் ஏழைக் குடும்பத்துக்குத் தலா 100 தருகிறோம். செலவு 500. அதை வசதியான ஐந்து குடும்பங்களிடம் தலா 100 வரியாக வாங்குகிறோம். இரண்டாவது வழியில் பத்துக் குடும்பத்துக்கும் தலா 100 தருகிறோம். செலவு 1,000. வசதியானவர்களிடம் தலா 200 வரி வாங்குகிறோம். கடைசியில் என்ன ஆயிற்று? இரண்டிலும் ஏழைக்கு 100 கூடியது, வசதியானவருக்கு 100 குறைந்தது. பட்ஜெட் புத்தகத்தில் மட்டும் இரண்டாவது திட்டம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

ஆக, இரண்டு வழியிலும் சல்லடை உண்டு. முதல் வழியில் அது உதவி கேட்டு வருபவரின் வாசலில் இருக்கிறது, இரண்டாவதில் வரி அலுவலகத்தில். "நான் ஏழை" என்று ஏழை நிரூபிக்க வேண்டுமா, அல்லது "இவர் வசதியானவர்" என்று அரசு கண்டுபிடிக்க வேண்டுமா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஏழைக் குடும்பங்களுக்கு நேரும் நல்லது கெட்டதில் பெரும்பகுதி இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாசலில் வைத்த சல்லடையை முதலில் பார்க்கலாம். மாதச் சம்பளமும் அதற்கு ரசீதும் உள்ளவரின் வருமானத்தை அளப்பது எளிது. மூன்று வீடுகளில் வேலை பார்த்து, கிடைத்த நாளில் மட்டும் கூலி வாங்கும் ஒரு பெண்ணின் வருமானத்தை எப்படி அளப்பது? விண்ணப்பப் படிவத்தில் "கடந்த 12 மாத வருமானம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவருக்குப் போன வாரக் கணக்கே நினைவில் இருக்காது. குறைத்து எழுதினால் பொய் என்பார்கள், கூட்டி எழுதினால் தகுதி போய்விடும். யாரோ சொன்ன ஒரு தொகையை எழுதிவிட்டு, பிடிபடுவோமோ என்ற பயத்தோடு வீட்டுக்குப் போவார். அந்த ஒரு நாள் வேலையும் கூலியும் போனது தனி.

இதைத் தவிர்க்கப் பல நாடுகள் மறைமுக அளவுகோலுக்குப் போயின. கூரை எதனால் ஆனது, வீட்டில் எத்தனை பேர், என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று கேட்டு மதிப்பெண் போட்டு, குடும்பத்தின் நிலையை ஊகிக்கும் முறை அது. நேர்மையான முயற்சிதான். ஆனாலும் ஊகம் ஊகம்தான். 1,000 குடும்பங்களில் 200 ஏழை என்று வைத்துக்கொள்வோம். சோதனை 100க்கு 90 முறை சரியாகச் சொல்கிறது. நல்ல சோதனைதானே? 180 ஏழைக் குடும்பங்கள் உள்ளே வரும், 20 விடுபடும். மீதி 800 குடும்பங்களில் 80 தவறாக உள்ளே வரும். பட்டியலில் 260 பேர், அதில் 80 பேர் ஏழைகளே இல்லை. உடனே "தகுதியில்லாதவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள்" என்று செய்தி வரும். விதியை இறுக்குவார்கள். 80 என்பது குறையும், ஆனால் அதே இறுக்கத்தில் 20 என்பது ஏறும். உள்ளே புகுந்தவரைக் காட்ட ஆள் உண்டு. விடுபட்டவர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் அவரைப் பற்றிச் செய்தியும் வராது.

நிஜத்தில் 90 சதவீதத் துல்லியம் என்பதே அபூர்வம். ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளின் தரவுகளை வைத்து மார்ட்டின் ரவாலியனும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மதிப்பெண் முறைகள் ஏழைகளில் கணிசமான பகுதியைத் தவறவிடுவதைக் காட்டினார்கள்.

கணினி வந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். உதவியை அதிகமாக வாங்கிவிட்டார்கள் என்று கணினிக் கணக்கில் கண்டுபிடித்து, பணத்தைத் திரும்பக் கேட்ட 'ரோபோடெட்' என்று பெயர் வாங்கிய திட்டம் அது. ஒருவரின் ஆண்டு வருமானத்தை 26 இரு வாரங்களுக்குச் சமமாகப் பிரித்துப் போட்டு, உதவி வாங்கிய வாரங்களிலும் அவர் சம்பாதித்ததாகக் கணக்குக் காட்டியது. பாதி ஆண்டு வேலை பார்த்து, பாதி ஆண்டு வேலையில்லாமல் உதவி வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் விதிப்படியே நடந்தவர். ஆனால் சராசரிக் கணக்கில் அவர் ஏமாற்றுக்காரராகி, கடன் நோட்டீஸும் வந்தது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். கடைசியில் அந்த முறையைக் கைவிட்டு, பணத்தைத் திருப்பித் தந்தார்கள். இதை விசாரிக்க அமைத்த ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணைக் குழுவின் அறிக்கையும் 2023இல் வந்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய பெற்றோர் ஆயிரக்கணக்கில் மோசடிக்காரர்களாகத் தவறாக முத்திரை குத்தப்பட்டார்கள். அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. இரண்டும் பணக்கார நாடுகள், நிர்வாகத் திறமையில் பேர்போனவை. அங்கேயே இப்படி.

அடுத்தது வருமான வரம்பு செய்யும் வேலை. வரம்பு 1,000, அதற்குக் கீழே இருந்தால் 150 உதவி என்று வையுங்கள். 990 சம்பாதிப்பவர் கொஞ்சம் கூடுதல் வேலை செய்து 1,010 ஆக்கினால், கையில் இருந்த 1,140 என்பது 1,010 ஆகிவிடும். யாராவது அந்தக் கூடுதல் வேலைக்குப் போவார்களா? இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம், அவர் கணக்குத் தெரிந்தவர். இந்தப் பள்ளத்தைச் சரிவாக மாற்றத்தான் குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான பிரிட்டனின் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித் திட்டம் முயன்றது. வரி போகக் கையில் வரும் ஒவ்வொரு கூடுதல் பவுண்டுக்கும் 63 பென்ஸ் உதவி குறையும் என்றிருந்ததை 2021இல் 55 பென்ஸ் ஆக்கினார்கள். குறைத்த பிறகும் பாதிக்கு மேல் போகிறது. பெரும் பணக்காரரின் வரி விகிதம் 55 சதவீதம் என்றால் நாடாளுமன்றமே அமளிதுமளிப்படும். ஏழைக்கு அதே விகிதம் "உதவிக் குறைப்பு" என்ற பெயரில் சத்தமில்லாமல் நடக்கிறது. அனைவருக்குமான தொகையில் இந்தத் தொல்லை கிடையாது. கூலி கூடினாலும் குழந்தைக்கு வரும் பணம் அப்படியே வரும், குடும்பம் அதை நம்பி அடுத்த மாதத்துக்குத் திட்டம் போடலாம்.

அவமானத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், பட்டவர்களுக்குத் தெரியும். அமெரிக்கப் பள்ளிகளில் இலவச மதிய உணவு வாங்கும் மாணவர் யார், காசு கொடுத்து வாங்குபவர் யார் என்பது வரிசையிலேயே தெரிந்த காலம் உண்டு. ஏற்கெனவே வேறு உதவித் திட்டங்களில் பதிவான மாணவர்கள் குறிப்பிட்ட பங்குக்கு மேல் இருந்தால் பள்ளி முழுமைக்கும் இலவசமாகத் தரலாம் என்று பின்னர் விதி வந்தது. வீட்டுக்கு வீடு படிவம் வாங்கும் வேலையும் போனது, யார் ஏழை என்ற அடையாளமும் போனது.

அரசியல் விளைவும் உண்டு. வால்டர் கோர்பி, யோக்கிம் பால்மே என்ற சுவீடன் ஆய்வாளர்கள் 1998இல் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார்கள்: ஏழைகளை மட்டும் குறிவைக்கும் நாடுகள் ஏழ்மையைக் குறைவாகவே குறைக்கின்றன. காரணம், நடுத்தர வர்க்கத்துக்கு அதில் பங்கில்லாததால் அவர்கள் அந்தத் திட்டத்துக்காகப் பேச மாட்டார்கள், நாளடைவில் தொகை தேய்ந்துபோகும். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. அதனால் இதை விதி என்று சொல்ல மாட்டேன், எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, மறுபக்கம். என் வாதத்தின் பலவீனமான இடம் வரி அலுவலகம்தான். பெரும்பாலான மக்கள் முறைசாரா வேலையில் இருக்கும் நாட்டில் வருமான வரி கட்டுவோர் சிலரே. அங்கே வசதியானவரிடம் 200 திரும்ப வாங்கலாம் என்ற மேலே போட்ட கணக்கு நடக்காது. பட்ஜெட் 500தான் என்றால், பத்துப் பேருக்கும் பிரித்தால் ஏழைக்கு 50தான் கிடைக்கும். இந்தோனேசியா, பெரு நாடுகளின் தரவுகளைக் கொண்டு ரேமா ஹன்னாவும் பெஞ்சமின் ஓல்கனும் 2018இல் செய்த ஆய்வு இதைத்தான் சொன்னது: தவறுகளோடு இருந்தாலும், அதே பணத்தில் ஏழைகளைக் குறிவைக்கும் திட்டம் அதிக நலனைத் தந்தது. இதை ஒதுக்கிவிட்டு அனைவருக்கும் என்று கோஷம் போடுவது நேர்மையாகாது. ஒரு குடும்பத்துக்கு 100 கிடைத்தால் மருந்தும் வாங்கலாம், வாடகையும் கட்டலாம். 50 கிடைத்தால் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும்.

அதனால் எனக்குச் சரியாகப் படுவது, வருமானத்தை விட்டுவிட்டு வயதையும் நிலையையும் பார்ப்பது. குழந்தை, முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி. பிறந்த தேதியில் பொய் சொல்வது கடினம், அதைச் சரிபார்ப்பது சுலபம். சிறு குழந்தைகளுள்ள குடும்பங்களில் ஏழ்மை அதிகம் என்பதால் பணமும் பெருமளவு சேர வேண்டிய இடத்துக்கே போகும். நிதி போதாவிட்டால் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களோடு தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வயதாகக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இதையும் பிற்பாடு கெடுக்க முடியும் என்பதற்கு பிரிட்டனின் குழந்தை உதவித்தொகை சாட்சி. 1977 முதல் வருமானம் பார்க்காமல், பெரும்பாலும் தாயின் கைக்கே போன தொகை அது. 2013இல் குடும்பத்தில் ஒருவர் 50,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால் வரி வழியாகத் திரும்பப் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் மட்டும் 60,000 சம்பாதித்த வீடு முழுத் தொகையையும் இழந்தது. இருவர் தலா 49,000 சம்பாதித்த வீடு ஒரு பென்னியும் இழக்கவில்லை. சல்லடையை வரிப் பக்கம் வைத்தால் மட்டும் போதாது, கண்களின் அளவையும் கவனிக்க வேண்டும் என்பது அங்கே தெரிந்தது. 2024இல் வரம்பை 60,000 ஆக உயர்த்தினாலும் தனிநபர் வருமானத்தையே பார்க்கும் முறை மாறவில்லை.

அமெரிக்காவில் 2021இல் நடந்தது இதற்கு எதிர்த்திசை. குறிப்பிட்ட அளவு சம்பாதித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையால், குழந்தை வரிச் சலுகையின் முழுத் தொகை அதுவரை வருமானம் மிகக் குறைந்த வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஓராண்டுக்கு அந்த நிபந்தனையை எடுத்தார்கள். ஆண்டின் பின்பாதியில் தொகையின் ஒரு பகுதி மாதாமாதம், பெரும்பாலோருக்குத் தனி விண்ணப்பம் இல்லாமலே வந்தது. வரிச் சலுகையையும் அரசு உதவிகளையும் வருமானத்தில் சேர்த்துப் பார்க்கும் அரசின் துணை ஏழ்மை அளவுகோலின்படி குழந்தை ஏழ்மை 2021இல் 5.2 சதவீதமாக இறங்கியது. சலுகை காலாவதியாகி, மற்ற பெருந்தொற்று உதவிகளும் நின்ற 2022இல் அது 12.4 சதவீதம்.

வருமானம் பார்த்துத் தரும் உதவிக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டு வாடகை ஊருக்கு ஊர் மாறும். கடுமையான ஊனமுள்ள குழந்தையை வளர்க்கும் குடும்பத்துக்கு ஆகும் செலவைப் பொதுத் தொகையால் ஈடுகட்ட முடியாது. அங்கே ஆளைப் பார்த்து, தேவையைப் பார்த்துத்தான் தர வேண்டும். ஆனால் அது அடித்தளத் தொகைக்கு மேலே வரும் கூடுதலாக இருக்கட்டும். அப்போது சோதனையில் ஒரு குடும்பம் தவறாக விடுபட்டால் கூடுதல்தான் கிடைக்காமல் போகும், அந்த மாதச் செலவுக்கு அடித்தளத் தொகை கையில் இருக்கும்.