செந்திலுக்கு, கடன் விஷயமா

மாப்ளே, போன்ல சொன்னா "பரவால்ல விடுடா"ன்னு வச்சிருவ. அப்புறம் வீட்டுல நீதான் பதில் சொல்லணும். அதான் எழுதறேன், தங்கச்சிகிட்டயும் இதக் காட்டிடு.

15ஆம் தேதி தரேன்னு சொன்ன 1,20,000 மொத்தமா என்னால தர முடியாது. இன்னும் ஒரு வாரம், பத்து நாள்னு இழுக்கறதுல அர்த்தமில்ல. தீபாவளிக்குள்ள வராது.

ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் வரிய 50 சதவீதம் ஆக்குனதுல இருந்தே நமக்கு வேலை குடுக்கற கம்பெனி பீஸ் அனுப்பறத நிறுத்திருச்சு. தச்சுக் குடுத்ததுக்கே ரெண்டு மாசப் பில் நிக்குது. வந்த கொஞ்சத்துல ஆளுங்களுக்கு சனிக்கிழமை சம்பளம் போட்டேன். அவங்களுக்கு போனசும் குடுத்தாகணும், அதுல கை வைக்க மனசு வரல.

இப்ப 20,000 ஜிபேல போட்டிருக்கேன், பாரு. மீதி ஒரு லட்சத்த நவம்பர்ல இருந்து மாசம் 12,500, பத்தாம் தேதிக்குள்ள. ஜூனோட எட்டுத் தவணை, கணக்கு முடிஞ்சிரும். எங்கிருந்து வரும்னு கேப்ப. காதர்பேட்டை வியாபாரி ஒருத்தருக்கு நைட்டி தைக்க ஆரம்பிச்சிருக்கோம். கூலி கம்மிதான், ஆனா வாரா வாரம் ரொக்கம். உங்கக்காவே ஓவர்லாக்ல உக்காந்துட்டா, ஒரு ஆள் கூலி மிச்சம்.

நகைதான் எனக்கு உறுத்துது. செயின் 55,000க்கும் வளையல் 65,000க்கும் தனித்தனியா சொசைட்டில வச்சேன்னு சொன்னியே, நான் போடறத முதல்ல செயின் கணக்குல கட்டிரு. ஜனவரி பத்தோட 57,500 உன் கைக்கு வந்திரும். தை பொறக்கறதுக்குள்ள செயின மீட்டுரலாம், தங்கச்சி அவ தம்பி கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போகட்டும். வளையலுக்கு ஜூன் ஆயிரும். ரெண்டு கணக்குக்கும் வட்டி என்னோடது. தவணையில கழிக்காத, ரசீத வாட்ஸப்ல அனுப்பு, தனியா போட்டுடறேன். நீ நகை வச்சு எனக்குக் குடுத்துட்டு வட்டியும் நீயே கட்டுனா நியாயமே இல்ல.

நைட்டி வேலையும் நின்னுச்சுன்னா பேட்லாக் மிஷின் ஒண்ண வித்துடுவேன். இப்ப வித்தா அடிமாட்டு விலைக்குக் கேக்கறாங்க, அதான் பொறுக்கறேன். எந்த மாசமாவது தட்டுப்பாடு வந்தா அஞ்சாம் தேதியே சொல்லிருவேன், நீ போன் போட்டுக் கேக்கற மாதிரி வைக்க மாட்டேன்.

அன்னிக்கு நோட்டு எழுதித் தரேன்னதுக்குத் திட்டுன. இந்தத் தடவ திட்டாத. தவணைத் தேதியெல்லாம் போட்டு எழுதிக் கையெழுத்தோட ஞாயித்துக்கிழமை கோபிக்குக் கொண்டு வரேன். உங்க மாமனாருக்கு இது தெரியுமா? தெரியாதுன்னா அவர் முன்னாடி பேச்செடுக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு வளையலும் வேணும்னா இப்பவே சொல்லிரு. மிஷின உடனே விக்கறதப் பத்தி ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்.

பிரகாஷ்