இந்த வாரம் யாருக்கு எந்த வேலை

நாளை திங்கள், முறை மாறுகிறது. எல்லாரும் ஒருமுறை படித்துவிட்டு பார்த்தேன் என்று போடுங்கள்.

பாத்திரம் (காலை, ராத்திரி): அண்ணி
தண்ணீர், குப்பை: நான்
காய் வாங்கி நறுக்குவது, மாவு அரைப்பது: அண்ணன்
வீடு துடைப்பது, பாத்ரூம்: தம்பி

அடுத்த திங்கள் எல்லாரும் ஒரு படி கீழே இறங்குவோம், கடைசியில் இருப்பவர் பாத்திரத்துக்கு வருவார். அதாவது அடுத்த வாரம் அண்ணி தண்ணீர், நான் காய், அண்ணன் துடைப்பது, தம்பி பாத்திரம். அம்மா சமையல், அப்பா பாலும் ரேஷனும், அதில் மாற்றமில்லை. அம்மாவுக்கு முட்டி வலி இருக்கிறது, மாடிக்குத் துணி எடுத்துக்கொண்டு ஏற விடாதீர்கள், அவரவர் துணியை அவரவர் காயப்போடுங்கள்.

இப்போது போன நான்கு வாரக் கணக்கு. காலண்டரில் தினமும் குறித்து வைத்ததுதான். ஒருவருக்கு 28 நாள் வர வேண்டும். அண்ணி 33, நான் 29, தம்பி 26, அண்ணன் 24.

அண்ணா, ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் உனக்கு ஓவர்டைம் இருந்தது தெரியும், தம்பிக்கும் பரீட்சை இருந்தது, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் விட்டுப்போன 6 நாளில் 5 நாள் அண்ணி தலையில்தான் விழுந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நைட் டியூட்டி முடித்து வந்தவர் சிங்க் நிறைய பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, பையைக்கூட இறக்காமல் குழாயைத் திறந்தார், அதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

அதனால் இந்த வாரம் அண்ணியின் பாத்திரத்தை திங்கள் முதல் வியாழன் வரை அண்ணன் தேய்க்கணும், வெள்ளி தம்பி. சனி, ஞாயிறு மட்டும் அண்ணி. எனக்கு வர வேண்டிய ஒரு நாளைக்கு தம்பி சனிக்கிழமை தண்ணீர் பார்த்துக்கோடா. இதோடு எல்லாருக்கும் சமம், பழைய பாக்கி கிடையாது.

தண்ணீர் முறைக்காரர் கவனிக்க: நம் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சத்தம் கேட்டதும் சம்ப்பைத் திறந்துவிடணும், அப்புறம்தான் மோட்டார். இந்த வெயிலில் ஒரு நாள் தவறினால் டேங்கர்தான். குப்பை வண்டி வரும் முன் மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் தனித்தனியாக இருக்கணும், சேர்த்துக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

அண்ணா, காட்பாடி உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடு. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் கிடைத்தால் அப்பாவுக்கு அரை கிலோ எடு.

யாருக்காவது முடியாமல் போனால் முந்தின ராத்திரியே இங்கே சொல்லி ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். அண்ணிக்குப் புதன் ராத்திரி டியூட்டி, வியாழன் காலை யாரும் எழுப்பாதீர்கள்.