54,000 ரூபாய் மெஷினுக்கு மொத்தமே 54,000 ரூபாய்தான்

ஹட்டனில் மழை பிடித்துவிட்டால் துணி மூன்று நாளானாலும் காயாது. பிள்ளையின் ஸ்கூல் சட்டையை அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்திப் புகை வாசத்தோடு அனுப்புகிற வீடுகள் நமக்குத் தெரியும். ஸ்பின்னர் உள்ள 7 கிலோ வொஷிங் மெஷினைத் தவணைக்குக் கேட்டு வருபவர்கள் கூடிவிட்டதால், கணக்கை இங்கேயே எழுதிவிடுகிறோம்.

கைக்காசு விலை 54,000 ரூபாய். தவணை விலையும் அதேதான். மாதம் 9,000 ரூபாய், 6 மாதம். முதல் 9,000 ரூபாயைப் பொருள் எடுக்கும்போது கட்டுங்கள், மீதி ஐந்தும் ஒவ்வொரு மாதமும் 15ஆம் திகதி. தோட்டச் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில்தான் கைக்கு வரும் என்பதால் அப்படி வைத்தோம். வட்டி இல்லை, ஆவணக் கட்டணம் இல்லை. விலையை ஏற்றி வைத்துவிட்டு ‘வட்டி பூச்சியம்’ என்று பலகை மாட்டுகிற வேலையும் இல்லை. போன், ஃபிரிஜ், டிவி எதுவானாலும் 30,000 ரூபாய்க்கு மேல் இதே முறைதான். 3 மாதத்திலும் முடிக்கலாம். முன்கூட்டியே கட்டி முடித்தால் மேலதிகமாக ஒரு சதமும் கேட்க மாட்டோம்.

காசு கூடுகிற இடங்களும் உண்டு. 15ஆம் திகதி தவறினால் ஒரு வாரம் பொறுப்போம், அதற்குப் பிறகு அந்தத் தவணைக்கு 250 ரூபாய். டவுனுக்குள் கொண்டுவந்து தருவது இலவசம். கொட்டகலை, நோர்வூட் 1,000, மஸ்கெலியா, பொகவந்தலாவை 1,800. இது கைக்காசுக்கு வாங்கினாலும் உண்டு. லொறி ஏறாத தோட்டப் பாதை என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், தூக்க ஆள் சேர்த்து அனுப்புவோம்.

கடனட்டையில் 3, 6 மாதத்துக்கான வங்கிக் கட்டணத்தை நாங்களே ஏற்கிறோம். 12 மாதம் கேட்டால் 4 சதவீதம் உங்கள் கணக்கில் விழும். 54,000 ரூபாய்க்கு அது 2,160 ரூபாய். அதனால் 12 மாதத்தை இந்தச் சலுகையில் சேர்க்கவில்லை.

யாருக்குக் கிடைக்கும்? நுவரெலியா மாவட்டத்தில் வசிக்கும் 21 முதல் 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. தேசிய அடையாள அட்டை, கடைசி 2 மாதச் சம்பளச் சிட்டை, சம்பளம் எடுக்கிற ஒரு பிணையாளர் வேண்டும். ஆட்டோ ஓட்டுபவர்கள், மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் சிட்டைக்குப் பதிலாக 3 மாத வங்கிப் புத்தகத்தைக் காட்டலாம். முகவரிக்கு மின் பட்டியல்; லயத்தில் இருப்பவர்களுக்கு அது சொந்தப் பெயரில் வராது, ஆகவே கிராம சேவகர் சான்றிதழ் போதும். கடனட்டைக்காரர்களுக்கு அடையாள அட்டை மட்டும். எங்களிடம் பழைய தவணை பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள், சரியா?

அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொண்டு கையிலேயே திருப்பித் தருவோம். போனுக்குள் பூட்டுச் செயலி எதுவும் போட மாட்டோம். இரண்டு தவணை விடுபட்டால் மட்டும் பிணையாளரிடம் பேசுவோம், அதை அவரிடம் சொல்லியே கூட்டி வாருங்கள்.

ஆகஸ்ட் 31 வரை. கடை ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். காலை 9 முதல் மாலை 6.30 வரை, போயா நாளில் பூட்டு.