இன்று எதில் வந்தாய்? தரம் 7, சலாகை வரைபை வாசித்தல்

பிள்ளைகளே, திங்கட்கிழமை காலை நம் வகுப்பின் 32 பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: "இன்று பாடசாலைக்கு எதில் வந்தாய்?" சொல்லச் சொல்லக் கரும்பலகையில் வரவுக் குறி போட்டோம். அதிலிருந்து வரைந்த சலாகை வரைபு இது. ஒரு கட்டம் ஒரு மாணவரைக் குறிக்கும்.

பாடசாலை வான்: ■■■■■■■■■■■
பஸ்: ■■■■■■■■■
நடை: ■■■■■■
முச்சக்கர வண்டி: ■■■■
ரயில்: ■■

முதலில் கட்டங்களை எண்ணிக் கூட்டுங்கள். 32 வரவேண்டும். வராவிட்டால் யாரோ விடுபட்டிருக்கிறார், அல்லது இருமுறை எண்ணப்பட்டிருக்கிறார். எந்த வரைபைக் கண்டாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டே மேலே செல்லுங்கள்.

அடுத்து ஒப்பிடுவோம். பஸ்ஸில் வந்தவர்களைவிட வானில் வந்தவர்கள் எத்தனை பேர் அதிகம்? ரயிலில் வந்தவர்களைப் போல எத்தனை மடங்கினர் நடந்து வந்தார்கள்? வகுப்பில் பாதிப்பேர் வானில் வந்தார்கள் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? 32இன் பாதி எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

இனி, சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம். ஒரு குழுவினர் வானையும் பஸ்ஸையும் மட்டும் எடுத்து, நிலைக்குத்து அச்சை 0இல் தொடங்காமல் 8இல் தொடங்கி வரைந்திருந்தார்கள். அந்தப் படத்தில் பஸ்ஸின் சலாகை 1 அலகு உயரம், வானின் சலாகை 3 அலகு உயரம். பார்த்தவுடன் வானில் மூன்று மடங்கினர் வந்ததாகத் தோன்றியது. உண்மையில் 9 பேரும் 11 பேரும்தான்! எண்களில் பிழையில்லை, அச்சு தொடங்கிய இடம்தான் நம் கண்ணை ஏமாற்றியது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அதே குழுதான். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பத்திரிகையில் வரைபைப் பார்க்கும்போதும் சலாகையின் உயரத்துக்கு முன் அச்சின் அடியில் உள்ள எண்ணை வாசியுங்கள்.

நம் வரைபு சொல்லாதவையும் உண்டு. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்தவரும் 101இல் வந்தவரும் இங்கே ஒரே சலாகைக்குள் இருக்கிறார்கள்; அவர்களை இனிப் பிரிக்க முடியாது. எது விரைவாக வந்து சேர்ந்தது என்பதும் தெரியாது, ஏனென்றால் நேரத்தை நாம் கேட்கவேயில்லை.

இன்னொன்று: அன்று காலை மழை. வழக்கமாக வெள்ளவத்தையிலிருந்து நடந்து வரும் மூவர் அன்று முச்சக்கர வண்டியில் வந்ததாகச் சொன்னார்கள். "இன்று எதில் வந்தாய்?" என்பதற்குப் பதிலாக "வழக்கமாக எதில் வருவாய்?" என்று கேட்டிருந்தால், மற்ற எவருடைய விடையும் மாறாதபோது, எந்த இரண்டு சலாகைகள் மாறும்? புதிய வரைபைக் கட்டத்தாளில் 0இலிருந்து தொடங்கி வரையுங்கள்.

மழையில்லாத ஒரு காலையில் அதே 32 பேரிடமும் மறுபடி கேட்போம். நீங்கள் வரைந்ததை அன்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.