நவம்பர் 23 வரை ஆபீஸில் இல்லை, 24 திங்கள் காலை வருகிறேன் – அதுவரை செல்வியிடம் பேசுங்கள்

வணக்கம்.

இது தானாகப் போகும் பதில். 2025 நவம்பர் 8 சனிக்கிழமையிலிருந்து 23 ஞாயிறு வரை நான் ஆபீஸில் இருக்க மாட்டேன். 24 திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வந்துவிடுவேன். அதுவரை எந்த வேலையானாலும் நம் ஆபீஸ் செல்வியிடம் பேசுங்கள். ஆபீஸ் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார். எழுத்தில் அனுப்ப வேண்டுமென்றால் இதே மெயிலுக்கு, தலைப்பில் "அவசரம்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள், அது நேராக அவருடைய பெட்டிக்குப் போகிற மாதிரி செட் பண்ணியிருக்கிறேன். அந்தச் சொல் இல்லாத மெயில் என் பெட்டியிலேயே கிடக்கும், 24-ஆம் தேதிக்கு முன்னால் அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு இதுவரை படித்ததே போதும். இந்த மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் பாக்கி இருப்பவர்கள், லாரியில் சரக்கு ஏற்றி வைத்திருப்பவர்கள், நோட்டீஸ் வந்திருப்பவர்கள் மட்டும் ஐந்து நிமிஷம் ஒதுக்கி மீதியையும் படித்துவிடுங்கள்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. கோயம்புத்தூரில், 10-ஆம் தேதி திங்கட்கிழமை. முடிந்ததும் நடக்கப் பழக்க வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும், அந்த ஆள் நான்தான். பகலில் பெரும்பாலும் போன் அணைத்துத்தான் இருக்கும். ராத்திரி ஒருமுறை செல்வி என்னிடம் பேசுவார், அவரால் முடிவெடுக்க முடியாத விஷயம் இருந்தால் அப்போது எனக்குத் தெரிந்துவிடும். அதனால் என் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், இரண்டு வாரத்து மெசேஜ்களுக்கு நடுவில் உங்கள் பில் விவரம் காணாமல் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வர நினைப்பவர்களுக்கு நன்றி, ஆனால் இப்போது வர வேண்டாம், அம்மா ஈரோட்டுக்கு வந்த பிறகு வீட்டுக்கு வாருங்கள்.

செல்வியைத் தெரியாதவர்கள் உங்களில் குறைவு. உங்கள் ரிட்டர்னை மாதா மாதம் உட்கார்ந்து ஏற்றுவதே அவர்தான், நான் கடைசியில் சரிபார்ப்பேன், அவ்வளவுதான். உங்கள் கணக்கில் எந்தப் பார்ட்டி எப்போதும் பில்லைத் தாமதமாக அனுப்புவார் என்பது வரைக்கும் அவருக்கு மனப்பாடம். "சார் வரட்டும், சாரிடமே பேசிக்கொள்கிறேன்" என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். நான் வருவதற்குள் இந்த மாதத்தின் முக்கியமான தேதிகள் எல்லாம் போயிருக்கும். ஆபீஸ் நேரம் வழக்கம்போல காலை 10 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமை மதியம் 2 வரை, ஞாயிறு விடுமுறை. மாலை 5 மணிக்குள் வந்த மெயிலுக்கு அன்றே பதில் வரும், அதற்குப் பிறகு வந்தால் அடுத்த வேலை நாள்.

சரி, தேதிகள். அக்டோபர் மாதத்து GSTR-1-க்குக் கடைசி நாள் 11 செவ்வாய். விற்பனை விவரத்தை 10-ஆம் தேதி மதியத்துக்குள் செல்விக்குக் கொடுத்துவிடுங்கள். டேலி பேக்கப் அனுப்பினால் போதும், பில் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்புபவர்கள் பில் நம்பரும் ஜிஎஸ்டி எண்ணும் தெளிவாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். 11 தவறினால் உங்களுக்கு வரும் தாமதக் கட்டணத்தை விட, உங்களிடம் சரக்கு வாங்கியவருக்கு வரும் கஷ்டம் பெரிது. 14-ஆம் தேதி உருவாகும் அவருடைய GSTR-2B-யில் உங்கள் பில் இருக்காது, அந்த மாதம் அவர் அதற்கான வரியைக் கழிக்க முடியாது, உடனே உங்களுக்குப் போன் வரும், பேமெண்டை நிறுத்தி வைப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர்கள் பெரிய பார்ட்டிகளுக்குப் போட்ட பில்களை மட்டும் 13-க்குள் ஏற்றிக்கொள்ளலாம். அவர்கள் கட்ட வேண்டிய மாத வரிக்கு 25 வரை நேரம் இருக்கிறது, அதற்குள் நானே வந்துவிடுவேன், ஆனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

அக்டோபர் பில்களில் இந்த முறை ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள், பெட்ஷீட், ரெடிமேட் வியாபாரிகளுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். செப்டம்பர் 22-இல் வரி மாறியது, புதிய விகிதத்தில் முழுசாக ஓடிய முதல் மாதம் அக்டோபர்தான். ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை இருந்தால் 5%, அதற்கு மேல் போனால் 18%. பழைய 1,000 ரூபாய் கணக்கும் 12 சதவீதமும் இப்போது கிடையாது. ஆனால் பில்லிங் சாஃப்ட்வேரில் பழைய ஐட்டம் மாஸ்டரை மாற்றாமல் விட்ட கடைகள் இருக்கின்றன. செல்விக்கு அனுப்பும் முன் 12% என்று தேடிப் பாருங்கள், ஒரு பில் அகப்பட்டாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள். GSTR-1 போன பிறகு தெரிந்தாலும் GSTR-3B போடுவதற்கு முன் GSTR-1A-வில் திருத்தலாம், ஆனால் அந்தத் திருத்தம் வாங்கியவருக்கு அடுத்த மாதத்து 2B-யில்தான் தெரியும். அதனால் முன்னாலேயே பார்ப்பது நல்லது.

GSTR-3B-க்கு 20 வியாழன் கடைசி. எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைச் செல்வி 17-ஆம் தேதி உங்களுக்கு அனுப்புவார், 18 அல்லது 19-இல் கட்டிவிடுங்கள். 20-ஆம் தேதி சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறினால் போர்ட்டல் திணறும், நெஃப்ட்டில் கட்டினால் வரவு வைக்கவும் நேரம் பிடிக்கும். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்னுக்கும் 20 ரூபாய், கட்டாத வரிக்கு வருஷத்துக்கு 18% வட்டி தனி. என் விடுப்பைக் காரணம் காட்டி யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தண்டம் விழக்கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிஎஃப், இஎஸ்ஐ 15 சனிக்கிழமைக்குள் கட்ட வேண்டும், சம்பளப் பட்டியல் 12-க்குள் வந்தால் சலான் போட்டுத் தந்துவிடுவார். ஆடிட் உள்ளவர்களின் வருமான வரி ரிட்டர்னுக்கு டிசம்பர் 10 வரை நீட்டிப்பு வந்திருக்கிறது, அதை நான் வந்ததும் முதல் வேலையாக எடுக்கிறேன், அதற்காக இப்போது யாரும் பதற வேண்டாம்.

ஓடிபி பற்றி நன்றாகக் கவனியுங்கள். ரிட்டர்ன் போடும்போது ஓடிபி உங்கள் போனுக்கு வரும், சில நிமிஷத்தில் செல்லாமல் போய்விடும். செல்வி முதலில் லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டு "இப்போது உங்கள் ரிட்டர்ன் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கேட்பார். வேறு எந்த நம்பரிலிருந்தும் "சார் ஊரில் இல்லை, அவர் சார்பில் பேசுகிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வரிப் பணத்தை ஜிபே, போன்பே என்று யாருடைய நம்பருக்கும் போடச் சொல்ல மாட்டோம். சலான் எடுத்து உங்கள் பேங்கிலிருந்து நேராக அரசாங்கத்துக்குத்தான் போக வேண்டும். ஒருவர் இல்லாத நேரம் பார்த்து இப்படிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு ஆபீஸ் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். இன்னொன்று, சிலருடைய ஜிஎஸ்டி பதிவில் அவர்களுடைய மெயில் முகவரிக்குப் பதிலாக இந்த மெயில் முகவரிதான் இருக்கிறது. போர்ட்டலிலிருந்து வருவது எல்லாம் செல்வி பெட்டிக்கும் போய்விடும், அதில் எதுவும் தேங்காது.

லாரி வழியில் நின்றுவிட்டால் நேரத்தைக் கடத்தாதீர்கள். இ-வே பில் காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து, காலாவதியான 8 மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் முடியாது. வண்டி பழுதாகி வேறு வண்டியில் மாற்றினால் புதிய வண்டி நம்பரை உடனே பதிய வேண்டும். ராத்திரி நேரமென்றால் டிரான்ஸ்போர்ட்காரரையே போடச் சொல்லுங்கள், அவர் லாகினிலும் முடியும். தப்பாகப் போட்ட இ-வே பில்லையோ இ-இன்வாய்ஸையோ ரத்து செய்ய 24 மணி நேரம்தான் இருக்கிறது, அதற்கு எனக்காகக் காத்திருந்தால் கதை முடிந்துவிடும்.

நோட்டீஸ் வந்தால் முழுப் பிடிஎஃப்பையும் "அவசரம்" போட்டு அனுப்புங்கள், முதல் பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் எதுவும் தெரியாது. பதிவை ரத்து செய்யப் போவதாக வரும் REG-17-க்கு 7 வேலை நாள்தான் அவகாசம், அதைச் செல்வி அன்றைக்கே ராத்திரி எனக்குச் சொல்லிவிடுவார், பதிலைத் தயார் செய்து அனுப்ப நான் வழி செய்கிறேன். ASMT-10 என்றால் 30 நாள் வரை இருக்கும், நான் வந்ததும் பார்க்கலாம். எதுவாக இருந்தாலும் நீங்களாக உள்ளே போய் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்திவிடாதீர்கள், பயந்து பணத்தையும் கட்டிவிடாதீர்கள்.

புதிய பதிவு, பேங்க் லோனுக்கான புராஜெக்ட் ரிப்போர்ட், பங்குதாரர் மாற்றம் போன்றவை 24-க்குப் பிறகுதான். கேட்டவர்கள் பெயரைச் செல்வி எழுதி வைப்பார், வரிசைப்படி நானே கூப்பிடுகிறேன். முதல் இரண்டு நாள் நெரிசலாக இருக்கும், 26 புதன் வரை அழைப்பு வரவில்லையென்றால் நீங்கள் ஒருமுறை கூப்பிடலாம்.

செல்வி ஒற்றை ஆளாக இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறார். ஒரு பில்லுக்கு நான்கு முறை போன் செய்யாமல், விவரத்தை முழுசாக ஒரே தடவையில் கொடுத்தால் அவருக்குப் பெரிய உதவி.

அன்புடன்,
முருகேசன்
வரி ஆலோசகர், ஈரோடு