ஞாயிறு ஆன்லைன் ரீசனிங் ரவுண்ட் எப்படி இருக்கும்

வணக்கம் தம்பி தங்கச்சிங்களா,

வர்ற ஞாயிறு காலைல 10 மணிக்கு ரீசனிங் ரவுண்ட், வீட்டிலிருந்தே எழுதலாம், 9.45க்கே லாகின் பண்ணிடுங்க. மொத்தம் 35 கேள்வி, 20 நிமிஷம், சரியா போட்டா 1 மார்க், தப்பா போட்டா கால் மார்க் போயிடும், விட்டுட்டா ஒண்ணும் கழியாது, அதனால குருட்டாம்போக்குல டிக் அடிக்காதீங்க.

பஸிலும் சீட்டிங்கும் மட்டும் 15 கேள்வி, மூணு செட்டா வரும். மீதி சில்லாஜிசம், இன்ஈக்குவாலிட்டி, பிளட் ரிலேஷன், கோடிங், திசை. இந்தச் சின்னதுங்கள முதல்ல முடிச்சிட்டு பஸிலுக்குப் போங்க, நம்ம பசங்க நிறைய பேரு முதல் பஸில்லயே பத்து நிமிஷம் உக்காந்துடறாங்க, பாக்க கஷ்டமா இருக்கு. வட்ட மேசைல எல்லாரும் நடுவைப் பாத்து உக்காந்திருந்தா வலப்பக்கம்னா கடிகாரத்துக்கு எதிர் திசை, வெளிய பாத்தா அப்படியே மாறிடும், படம் போடுறப்பவே அம்புக்குறி போட்டுக்கோங்க.

டைம் முடிஞ்சா தானா சப்மிட் ஆயிடும். நெட் கட்டானா திரும்ப லாகின் பண்ணலாம், போட்ட விடை அப்படியே இருக்கும், ஆனா டைம் நிக்காது. வீட்ல சிக்னல் சரியில்லாதவங்க சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, மஞ்சக்குப்பம் சென்டர்லயே சிஸ்டம் தர்றோம், பாண்டிலேர்ந்து வர்றவங்களும் வரலாம்.

ரீசனிங் டீம்,
மஞ்சக்குப்பம், கடலூர்